பெயர்க் கட்டம் காலியாக இருந்த பிறப்புச் சான்றிதழ்: ஜெர்மனியில் உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பு எப்போது தேவை? ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ் ஆவணங்களை ஜெர்மனுக்கு மாற்றித் தருவது என் தொழில். நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்து, முத்திரை வைத்துக்கொள்ளும் உரிமை பெற்ற மொழிபெயர்ப்பாளர் நான். இங்கே எழுதப்போவது என் மேசைக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதை. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன், காகிதத்தில் நடந்ததை மாற்றவில்லை.

கணவனும் மனைவியும் தமிழ்நாட்டுக்காரர்கள். இரண்டு பேருக்கும் ஜெர்மனியில் வேலை. மார்ச் மாதத்தில் முதல் குழந்தை பிறந்தது. இங்கே ஒரு வாரத்துக்குள் பிறப்பைத் தெரிவித்தாக வேண்டும். பெரும்பாலும் அதை மருத்துவமனையே செய்துவிடும். அதன் பிறகுதான் ஸ்டாண்டஸாம்ட் என்கிற பதிவாளர் அலுவலகம் பெற்றோரிடம் காகிதம் கேட்கும்: இருவரின் பாஸ்போர்ட், இருவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ். எல்லாம் அசலாக வேண்டும், ஜெர்மன் மொழியில் இல்லாதவற்றுக்கு மொழிபெயர்ப்பும் வேண்டும்.

அவர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே சென்னையில் ஒருவரிடம் கொடுத்து மூன்று சான்றிதழ்களையும் ஜெர்மனில் மாற்றி வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு தாளின் கீழும் நோட்டரி வக்கீலின் கையெழுத்து, சிவப்பு முத்திரை, ஒட்டிய ஸ்டாம்ப். போதாததற்கு ஓர் ஏஜென்ட் மூலம் டெல்லி வெளியுறவு அமைச்சகத்திடம், ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சொல்லும் அப்போஸ்டில் ஸ்டிக்கரும் வாங்கி ஒட்டியாயிற்று. நம் ஊர்க் கணக்குப்படி இதற்கு மேல் ஒரு காகிதத்துக்கு மரியாதை செய்ய முடியாது.

அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் இரண்டே வரி. மொழிபெயர்ப்புகளை ஏற்க முடியாது, ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் புதிதாகச் செய்து வாருங்கள் என்பது முதல் வரி. கணவரின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்று விளக்கவும் என்பது இரண்டாவது.

முதல் வரிக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் இந்த விவகாரத்தின் உயிர் இரண்டாவது வரியில் இருந்தது.

அசலை வாங்கிப் பார்த்தேன். 1989-ல் சீர்காழிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சான்றிதழ் முழுக்கத் தமிழ், கிராம நிர்வாக அலுவலர் கையால் எழுதிக் கொடுத்தது. பிறந்த தேதி, பாலினம், தந்தை பெயர், தாய் பெயர், பதிவு எண் எல்லாம் இருக்கின்றன. குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும். அந்தக் காலத்தில் இது சாதாரணம். பிறந்த சில நாளில் பதிவு செய்துவிடுவார்கள், பெயர் வைப்பது அப்புறம் நடக்கும், அதைப் போய்ச் சேர்க்க யாருக்கும் நினைவிருக்காது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய பெயரே பெயர்.

சென்னையில் செய்த மொழிபெயர்ப்பில் அந்தக் கட்டத்தில் அழகாகப் பெயர் அச்சாகியிருந்தது. செய்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பாஸ்போர்ட் நகலைப் பார்த்திருக்கிறார், கட்டம் காலியாக இருப்பது குறை என்று தோன்றியிருக்கிறது, நிரப்பிவிட்டார். மாவட்டத்தையும் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினமாக மாற்றியிருந்தார். 1989-ல் சீர்காழி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது, நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது 1991-ல்தான். இப்போது சீர்காழி மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. ஓரத்தில் சாய்வாக 'தாமதப் பதிவு' என்று எழுதியிருந்த குறிப்பு மொழிபெயர்ப்பில் இடம்பெறவே இல்லை.

பதிவாளர் அலுவலகப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அசலையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரியும். இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் இரண்டு சொல். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. அதன் பிறகு அந்த மொழிபெயர்ப்பின் எந்த வரியையும் அவரால் நம்ப முடியவில்லை. மற்ற இரண்டு ஆவணங்கள் மேலும் சந்தேகம் விழுந்தது.

சாதாரண மொழிபெயர்ப்புக்கும் உறுதிமொழி மொழிபெயர்ப்புக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. சாதாரண மொழிபெயர்ப்பு படிப்பவருக்குப் பொருள் புரிவதற்காகச் செய்யப்படுவது. பொருள் தெளிவாக வர, செய்பவர் கொஞ்சம் சேர்க்கலாம், கொஞ்சம் விடலாம், பிழையைத் திருத்தலாம். நல்ல மொழிபெயர்ப்பாளர் அதைச் செய்யவும் வேண்டும். உறுதிமொழி மொழிபெயர்ப்பு அப்படியில்லை. மொழி தெரியாத அதிகாரியின் கண்ணாக அந்தத் தாள் வேலை செய்கிறது. அசலில் இருப்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும், இல்லாதது எதுவும் இருக்கக் கூடாது. காலிக் கட்டம் என்றால் 'காலி' என்று எழுத வேண்டும். முத்திரை மங்கியிருந்தால் 'படிக்க முடியவில்லை' என்று எழுத வேண்டும். கையெழுத்து இருந்தால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அசலில் தேதி தப்பாக இருந்தால் தப்பையே எழுதி, வேண்டுமானால் அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தனியாகப் பிரித்துச் சொல்லலாம். திருத்தும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது.

கடைசியில் ஓர் உறுதிக் குறிப்பு வரும்: தமிழ் மொழியிலிருந்து செய்த இந்த மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, என்னிடம் காட்டப்பட்டது அசல் (அல்லது நகல், அல்லது ஸ்கேன்) என்று. இடம், தேதி, கையெழுத்து, முத்திரை. முத்திரையில் என் பெயரும், எந்த மொழிக்கு எனக்கு உரிமை என்பதும் இருக்கும். அசலின் நகலையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்துத் தைத்தோ, மூலையை மடித்துப் பின் அடித்து மடிப்பின் மேல் முத்திரை குத்தியோ கட்டுவோம். ஒரு தாளை உருவி வேறு தாள் செருக முடியாது என்பதற்காக.

இந்த உரிமையைக் கொடுப்பது மாநில நீதித்துறை. மாநிலத்துக்கு மாநிலம் பட்டம் மாறும்: பெயைடிக்ட் என்பார்கள், எர்மெக்டிக்ட் என்பார்கள், எஃபென்ட்லிஷ் பெஷ்டெல்ட் என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே, ஒரு மாநிலத்தில் உரிமை பெற்றவரின் மொழிபெயர்ப்பை மற்ற மாநில அலுவலகங்களும் ஏற்கும். ஆகவே உங்கள் ஊரிலேயே ஆள் தேட வேண்டியதில்லை. உரிமை பெற்றவர்கள் எல்லோரையும் justiz-dolmetscher.de என்ற நீதித்துறைத் தளத்தில் மொழிவாரியாகத் தேடலாம். யாரிடம் கொடுத்தாலும் முதலில் அங்கே அவர் பெயர் இருக்கிறதா, தமிழுக்கு எதிரே இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழுக்கு எதிரே என்பதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இப்போதைய தமிழ்நாட்டுச் சான்றிதழ்களில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகின்றன. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் ஊருக்கு ஊர் கிடைப்பார்கள், தமிழுக்கு ஆட்கள் குறைவு. சரி, ஆங்கிலம்தான் இருக்கிறதே என்று அவர்களிடம் கொடுப்பார்கள். அவர்களும் நேர்மையாகவே செய்வார்கள்: ஆங்கிலப் பகுதியை மாற்றிவிட்டு, 'தமிழ்ப் பகுதி மொழிபெயர்க்கப்படவில்லை' என்று அடியில் குறிப்பு வைப்பார்கள். முத்திரைக்குள்ளும் கையால் எழுதிய குறிப்பிலும் மட்டும் தமிழ் இருந்தால்கூட, சில அதிகாரிகள் அந்த ஒரு வரியைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த வீட்டுப் பெண்ணின் திருமணச் சான்றிதழில் அந்த ஆபத்து இருந்தது. படிவம் ஆங்கிலம், சார்பதிவாளர் முத்திரை தமிழ்.

நோட்டரி முத்திரை ஏன் செல்லவில்லை என்பதை அவர்களுக்குப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் பிடித்தது. "அக்கா, வக்கீலே கையெழுத்துப் போட்டிருக்காரே, அதைவிட என்ன வேணும்?" என்று கேட்டார் கணவர். நியாயமான கேள்வி. நம் ஊரில் 'அட்டெஸ்ட் பண்ணுவது' என்ற ஒரே சொல்லுக்குள் பல வேலைகள் அடங்கிவிடுகின்றன. அந்த வக்கீலுக்கு ஜெர்மன் தெரியாது. தன் முன்னால் இன்னார் கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் அவர் சாட்சி. மொழிபெயர்ப்பு சரியா என்பதற்கு அவர் பொறுப்பேற்கவில்லை, ஏற்கவும் முடியாது.

ஜெர்மன்காரர்களும் இதில் குழப்பத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள். 'பெக்லௌபிக்ட்' என்ற ஒரே சொல்லை மூன்று விஷயத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். நகல் அசலைப் போலவே இருக்கிறது என்று அலுவலகமோ நோட்டரியோ உறுதி சொல்வது ஒன்று. மொழிபெயர்ப்பு சரி என்று நாங்கள் உறுதி சொல்வது இன்னொன்று. அசல் ஆவணமே உண்மையானது, அதில் கையெழுத்திட்ட அதிகாரி உண்மையான அதிகாரி என்று அந்நாட்டு அரசோ தூதரகமோ சொல்வது மூன்றாவது. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. என் முத்திரை இருப்பதால் அந்தப் பிறப்புச் சான்றிதழ் உண்மையானது என்று ஆகிவிடாது. யாராவது போலிச் சான்றிதழ் கொண்டுவந்தால் அதையும் நான் சரியாக மொழிபெயர்க்கலாம், மொழிபெயர்ப்பு செல்லும், சான்றிதழ் செல்லாது. அலுவலகத்திலிருந்து 'பெக்லௌபிக்ட்' என்று கடிதம் வந்தால், இந்த மூன்றில் எது என்று திருப்பிக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

அப்போஸ்டில் விஷயம் எனக்கு இன்னும் வருத்தம் தருவது. இந்தியா 2005-ல் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. ஆட்சேபம் தெரிவித்த நாட்டுக்கும் இந்தியாவுக்கும் இடையே அந்த உடன்படிக்கை செல்லுபடியாகாது. எனவே ஜெர்மன் அலுவலகத்தில் காட்டுவதற்காக வாங்கும் இந்திய அப்போஸ்டில் ஸ்டிக்கருக்குச் சட்டப்படி எந்த வேலையும் இல்லை. இதைச் சொல்லாமல் அந்த ஏஜென்ட் மூன்று ஆவணத்துக்கும் பணம் வாங்கியிருக்கிறார். அப்போஸ்டிலுக்கு மாற்றாகத் தூதரகத்தில் செய்யும் சான்றொப்பத்தையும் இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகங்கள் நிறுத்தி வைத்திருக்கின்றன. மிச்சமிருக்கும் வழி ஆவணச் சரிபார்ப்பு. ஜெர்மன் அலுவலகத்துக்குச் சந்தேகம் இருந்தால் அது தூதரகத்துக்கு எழுதும், தூதரகம் தன் நம்பிக்கைக்குரிய உள்ளூர் வக்கீலை அனுப்பும், அவர் பதிவேட்டைப் போய்ப் பார்ப்பார். செலவு நம் தலையில், காலம் பல மாதம். இதை நாமாகப் போய்ச் செய்துகொள்ள முடியாது, அலுவலகம்தான் தொடங்க வேண்டும். ஒரு மொழிபெயர்ப்பில் இல்லாத பெயர் முளைத்திருப்பதைப் பார்க்கும் அதிகாரிக்கு இந்தச் சரிபார்ப்பு ஞாபகம் வந்தால் அதில் ஆச்சரியமில்லை.

இனி நான் செய்த வேலை. மூன்று அசலையும் தபாலில் வாங்கினேன். ஸ்கேனிலிருந்தும் செய்யலாம், ஆனால் அப்போது உறுதிக் குறிப்பில் ஸ்கேன் என்று எழுதியாக வேண்டும், பல பதிவாளர் அலுவலகங்கள் அதை ஏற்பதில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டத்தில் 'கோடு இடப்பட்டுள்ளது, பெயர் இல்லை' என்று எழுதினேன். தஞ்சாவூரைத் தஞ்சாவூராகவே விட்டேன். தாமதப் பதிவு என்ற குறிப்பை ஓரத்தில் எங்கே இருந்ததோ அங்கேயே வைத்தேன்.

வரைவை அனுப்பிய அன்று மனைவி கூப்பிட்டார். "அக்கா, எல்லாம் சரி, அந்த ஒரு இடத்துல மட்டும் பேர் போட்டுக் கொடுத்திடுங்களேன். அவர் பேர்தானே, பொய் ஒண்ணும் இல்லையே." கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருந்த குரல் அது. பொய் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் குறிப்பு அவருடைய பெயர் என்ன என்பதைப் பற்றியது அல்ல, 1989-ல் அந்தத் தாளில் என்ன எழுதப்பட்டது என்பதைப் பற்றியது. அப்படி எழுதினால் அந்தக் கணமே நான் எடுத்த உறுதிமொழி பொய்யாகிவிடும். முடியாதும்மா என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாவது சிக்கல் எழுத்துக்கூட்டல். இது தமிழர்களை மட்டும் தனியாகப் படுத்தும் விஷயம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். தந்தை பெயர்க் கட்டத்தில் சுப்பிரமணியன் என்று இருந்தது. நாம் எல்லோரும் கையால் எப்படி எழுதுவோமோ அப்படி எழுதினால் Subramanian. ஆனால் ஜெர்மனியில் குடும்பப் பதிவேடுகளுக்காகச் செய்யும் மொழிபெயர்ப்பில், வேறு எழுத்தில் உள்ள பெயரைச் சர்வதேசத் தர விதிப்படி எழுத்துக்கு எழுத்து மாற்ற வேண்டும். 1973-ல் பெர்னில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கை அதைச் சொல்கிறது. தமிழுக்கான விதி ISO 15919. அதில் தமிழ்ச் 'ச' எப்போதும் c, தமிழ்க் 'க' எப்போதும் k. காதில் எப்படி விழுகிறது என்பது கணக்கில் இல்லை, தாளில் எந்த எழுத்து இருக்கிறது என்பதே கணக்கு. எனவே அவர் அப்பா இப்படி ஆனார்:

```
சுப்பிரமணியன்   Cuppiramaṇiyaṉ
கஜேந்திரன்     Kajēntiraṉ
```

இரண்டாவது வரி மகன் பெயர், மற்ற தாள்களில் தமிழில் இருந்தது. பாஸ்போர்ட்டில் Gajendran, குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் Subramanian.

வரைவில் Cuppiramaṇiyaṉ என்று பார்த்ததும் கணவருக்குக் கோபம் வந்தது. இது யார் என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை, அப்பா பெயரை இப்படிப் பார்த்தால் யாருக்கும் மனசு சங்கடப்படும். அதற்கும் வழி அதே உடன்படிக்கையில் இருக்கிறது: அந்த ஆளின் பெயர் வேறோர் ஆவணத்தில் லத்தீன் எழுத்தில் இருந்தால், பதிவேட்டில் அந்த வடிவம்தான் ஏறும். எழுத்துக்கு எழுத்து மாற்றுவது அப்படி ஓர் ஆவணம் இல்லாதபோதுதான். பாஸ்போர்ட் இருக்கிறதே. எனவே மொழிபெயர்ப்பில் விதிப்படி ஒரு வடிவம், கூடவே 'எனக்குக் காட்டப்பட்ட பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல்: Subramanian' என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு. குழந்தையின் பதிவில் தந்தை பெயர் Gajendran Subramanian என்றே ஏறியது. இந்தக் குறிப்பை வைக்காத மொழிபெயர்ப்புகளால், பாஸ்போர்ட்டில் ஓர் ஆள், பதிவேட்டில் இன்னோர் ஆள் என்று ஆகிப்போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால் மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுங்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

திருமணச் சான்றிதழும் மனைவியின் பிறப்புச் சான்றிதழும் தொந்தரவில்லாமல் முடிந்தன. மூன்றையும் அலுவலகத்தில் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பு ஏற்கப்பட்டது. கணவரின் பெயர் மட்டும் நின்றது, ஏனென்றால் இப்போது மொழிபெயர்ப்பும் அசல் சொல்வதையே சொல்கிறது: பெயர் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் குழந்தையின் பிறப்பு பதிவாகாமல் போகாது. பெற்றோரில் ஒருவரின் விவரம் போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்று பதிவேட்டில் ஒரு விளக்கக் குறிப்பு ஏறும். அந்தக் குறிப்பு இருக்கும் வரை கெபுர்ட்ஸுர்குண்டெ என்ற வழக்கமான பிறப்புச் சான்றிதழ் தரமாட்டார்கள், பதிவேட்டின் சான்றளித்த அச்சுப்படி ஒன்று தருவார்கள். சட்டப்படி அதுவும் செல்லும் ஆவணம்தான். இவர்களுக்கு மே மாதத்தில் அது கிடைத்தது. அதை வைத்தே பெற்றோர் உதவித்தொகையான எல்டர்ன்கெல்டுக்கு மனுக் கொடுக்கச் சொன்னேன், உடனே கொடுக்கச் சொன்னேன். ஏனென்றால் எல்டர்ன்கெல்ட் மனுக் கொடுத்த மாதத்துக்கு முந்திய 3 மாதங்களுக்குத்தான் பின்தேதியிட்டுக் கிடைக்கும். முழுச் சான்றிதழ் வரட்டும் என்று ஐந்தாறு மாதம் உட்கார்ந்திருந்தால் போன பணம் போனதுதான். குழந்தைப்பணமான கிண்டர்கெல்டுக்கும் பின்தேதிக்கு எல்லை உண்டு, அது 6 மாதம்.

பெயர் விவகாரத்தைத் தீர்க்க வேண்டிய இடம் சீர்காழி. நம் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயரில்லாமல் பதிவான குழந்தைக்கு ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும், அப்புறம் 15 ஆண்டு வரை கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம். இவருக்கு அந்தக் காலம் என்றோ கடந்துவிட்டது. ஆனால் பழைய பதிவுகளுக்காகத் தமிழ்நாடு அரசு அவ்வப்போது அவகாசத்தை நீட்டித்து வந்திருக்கிறது, இவர்களுக்கு அப்படி ஓர் அவகாசம் கைகொடுத்தது. ஊரிலிருந்த அண்ணன் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், தம்பியின் கடிதம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நான்கு முறை அலைந்தார். ஒருவேளை பெயர் சேர்க்கவே முடியாமல் போயிருந்தாலும் கதவு மூடியிருக்காது. தேவையான ஆவணத்தைப் பெறவே முடியாது, அல்லது அளவுக்கு மீறிய சிரமம் என்று காட்டினால், வேறு ஆவணங்களையும், கடைசியாகச் சத்தியக் கூற்றையும் ஏற்கப் பதிவாளருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. முடியாது என்பதை நாம்தான் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பரில் புதிய சான்றிதழ் வந்தது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படிவம், பெயர்க் கட்டத்தில் பெயர். மேலே மாவட்டம் மயிலாடுதுறை. பழைய தாளில் தஞ்சாவூர், இதில் மயிலாடுதுறை என்றால் அதிகாரி மறுபடி கேள்வி கேட்பார் என்று தெரியும். அதனால் மாவட்டப் பிரிப்பு நடந்திருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன், ஊரின் பெயரும் பதிவு எண்ணும் இரண்டிலும் ஒன்றே என்பதை அவர்களையே அதிகாரியிடம் காட்டச் சொன்னேன். அக்டோபரில் விளக்கக் குறிப்பு நீங்கி முழுப் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எல்லாக் காகிதத்தையும் உறுதிமொழி மொழிபெயர்ப்பு செய்யக் கிளம்ப வேண்டாம். அது வீண் செலவு. ஜெர்மன் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: அலுவலக மொழி ஜெர்மன், வேறு மொழியில் ஆவணம் வந்தால் அலுவலகம் மொழிபெயர்ப்பு கேட்கும், தகுந்த காரணம் இருந்தால் உறுதிமொழி ஏற்றவர் செய்ததே வேண்டும் என்று கேட்கலாம். அதாவது சாதாரண மொழிபெயர்ப்பு பொது விதி, உறுதிமொழி மொழிபெயர்ப்பு காரணம் இருக்கும்போது. காரணம் பெரும்பாலும் ஒரே வகை: அந்தக் காகிதத்தை வைத்து ஓர் ஆளின் நிலை நிரந்தரமாகப் பதிவாகப் போகிறது. பிறப்பு, திருமணம், மணவிலக்கு, பெயர், குடியுரிமை, நர்ஸ் அல்லது டாக்டர் படிப்பை அங்கீகரிப்பது, நீதிமன்ற வழக்கு. இங்கெல்லாம் கேட்பார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். பதிவாளர் அலுவலகம் ஆங்கிலச் சான்றிதழுக்கும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு கேட்கும்.

வேலைக்கு மனுப் போடும்போது, வீட்டு உரிமையாளரிடம் பழைய சம்பளச் சீட்டு காட்டும்போது, ஆங்கிலத்தில் உள்ள மதிப்பெண் பட்டியலைப் பல பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும்போது இதெல்லாம் தேவையில்லை. விசாவுக்கு இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகங்கள் ஆங்கில ஆவணங்களை வாங்கிக்கொள்கின்றன. அங்கே ஏற்றதால் இங்கே பதிவாளரும் ஏற்பார் என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்புக் கணக்கு. வருமான வரி அலுவலகம் முதலில் ஆங்கிலத்தையும் எளிய மொழிபெயர்ப்பையும் ஏற்கும் இடங்கள் உண்டு, சந்தேகம் வந்தால் மேற்கொண்டு கேட்கும்.

இன்னொன்று. ஏதாவது மனுவுக்குக் கெடு தேதி இருந்து மொழிபெயர்ப்பு தயாராகவில்லை என்றால், தமிழ் ஆவணத்தை அப்படியே முதலில் கொடுத்துவிடுங்கள். அலுவலகம் மொழிபெயர்ப்புக்கு ஒரு தவணை தரும், அந்தத் தவணைக்குள் கொடுத்தால் முதலில் கொடுத்த நாளே கணக்கு. மேலே சொன்ன அதே 23-ஆம் பிரிவில் இது இருக்கிறது. தவணை தாண்டினால் அலுவலகமே உங்கள் செலவில் மொழிபெயர்ப்பு செய்துகொள்ளவும் அதிகாரம் உண்டு.

இந்தக் குடும்பத்துக்கு இந்த மூன்று மொழிபெயர்ப்புகளும் மறுபடி பயன்படும், குடியுரிமைக்கு மனுப் போடும்போது. மொழிபெயர்ப்புக்கென்று காலாவதி கிடையாது. அசல் மாறாத வரை அது செல்லும். வீட்டில் ஸ்கேன் எடுக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. போன வாரம் கணவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார், மூலைப் பின்னைக் கழற்றித் தாள்களைத் தனித்தனியாக ஸ்கேனரில் வைத்திருந்தார். கட்டு பிரிந்த மொழிபெயர்ப்பை அலுவலகம் ஏற்காது, நானே திரும்ப அச்சிட்டுக் கட்டி முத்திரை வைத்துத் தர வேண்டியிருந்தது. பின்னை எடுக்காமல் தாளை மடித்துப் பிடித்து ஸ்கேன் எடுங்கள், ஓரம் கொஞ்சம் கறுப்பாக விழுந்தாலும் பரவாயில்லை.